வெள்ளியும் திங்களும் மட்டும்

ஒரு நிறுவனத்தில் வருகைப்பதிவு, விடுப்பு, சம்பளம் பார்க்கிற பிரிவில் நான் வேலை செய்கிறேன். ஒப்புதல் கிடைத்த விடுப்பைக் கடைசி நேரத்தில் ரத்து செய்யச் சொல்லி வரும் கடிதங்கள் என் மேசைக்குப் புதிதல்ல. பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும். ‘அவசர வேலை காரணமாக என் விடுப்பை ரத்து செய்துகொள்கிறேன். தயவுசெய்து பதிவில் மாற்றவும்.’ அதே ஆள் அதே நாளில் வீட்டுக்கு என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியவராது. தம்பி விஷயத்தில்தான் இரண்டு கடிதங்களையும் பார்த்தேன், அதுவும் அனுப்பும் முன்பே. ஒன்று அவனுடைய மேலாளருக்கு. இன்னொன்று அப்பா அம்மாவுக்கு, அதாவது எனக்கும் சேர்த்து. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை. வெள்ளி மாலை மருத்துவமனையில் சேர வேண்டும், சனி காலை அறுவை, எல்லாம் சரியாக இருந்தால் செவ்வாய் அல்லது புதன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தம்பி ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறான். வெள்ளி தொடங்கி அடுத்த வெள்ளி வரை, ஆறு வேலை நாட்கள், முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதலும் வாங்கியிருந்தான். வியாழன் இரவு கிளம்புவதாக இருந்தது.

அவனுக்குத் தரவுத்தளப் பிரிவில் வேலை. அந்தச் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்குத் தரவுகளை மாற்றுவதாக ஏற்பாடு. அதன் படிகளை முழுக்கத் தெரிந்தவர்கள் இருவர்தான், தம்பியும் அவனுக்கு மூத்த சக ஊழியரும். தம்பி விடுப்பில் போவதால் எல்லாவற்றையும் மூத்தவரிடம் ஒப்படைத்திருந்தான். புதன் இரவு அந்த மூத்தவருக்குக் குடல்வால் அழற்சி, உடனே அறுவை. வியாழன் காலை மேலாளர் தம்பியைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கித்தான் கேட்டிருக்கிறார். ‘உன்னால இருக்க முடியுமா? முடியாதுன்னா சொல்லு, வேற ஏதாவது யோசிக்கலாம்.’

இந்த இடத்தில் பலரும் உடனே ‘சரி மேடம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். தம்பி யோசிக்க ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டான். அவன் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்த நேரத்துக்குள் அவன் கேட்ட முதல் கேள்வி, வேலையைத் தள்ளிவைக்க முடியுமா என்பது. முடியாது என்று பதில் வந்தது, காரணத்தோடு. பழைய சேமிப்புக் கருவியின் பராமரிப்பு ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வாடிக்கையாளர்களுக்கு அந்த ஓர் இரவுக்குத்தான் சேவை நிறுத்தம் அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன் வேறு சனிக்கிழமை இல்லை. ‘முக்கியமான வேலை, தள்ள முடியாது’ என்று மட்டும் பதில் வந்திருந்தால் இன்னொரு முறை கேள் என்று நானே சொல்லியிருப்பேன். தேதியோடு சொல்லப்படும் காரணத்தை நாமும் எடைபோட்டுப் பார்க்கலாம். வெறும் ‘முக்கியம்’ என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவதாக மேலாளரே ஒரு வழி சொன்னார். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய், மருத்துவமனையிலிருந்தே வேலையைப் பார்க்கலாமே என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அறுவை முடிந்த முதல் இரவில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வலி கூடினால் செவிலியரைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடக்கப் பார்த்தால் தடுக்க வேண்டும். கணினித் திரையில், விடியற்காலை மூன்று மணிக்குள் ‘தொடர்வதா, பழைய சர்வருக்கே திரும்புவதா’ என்று முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே அறையில் செய்தால் இரண்டுமே கெடும். தம்பி அதை மறுத்தான். நான் இருந்தால் முழுக்க இங்கே இருக்கிறேன், இல்லையென்றால் முழுக்க அங்கே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது. ‘அக்கா, லீவைக் கேன்சல் பண்ண வேண்டியதாப் போச்சு. ரெண்டு மெசேஜ் எழுதி வெச்சிருக்கேன், பார்த்துச் சொல்றியா?’

வீட்டுக்கு எழுதியது நீளமாக இருந்தது. மூத்தவருக்கு உடம்பு சரியில்லாதது, சர்வர் மாற்றம் எவ்வளவு பெரிய வேலை, தான் எவ்வளவு மனம் நொந்திருக்கிறான், எல்லாம் விரிவாக. ‘எப்படியாவது வர முயற்சி பண்றேன்’ என்று ஒரு வரி. ‘அக்கா பக்கத்துலதான் இருக்கா, பார்த்துக்குவா’ என்று கடைசி வரி. மேலாளருக்கு எழுதியது குட்டி: ‘மேடம், என் விடுப்பை முழுவதுமாக ரத்து செய்துவிட்டேன். வேலை முடியும்வரை எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்.’

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கடைசி வரியில் என் வெள்ளிக்கிழமையையும் சனிக்கிழமையையும் என்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டிருந்தான். ஒருவர் ரத்து செய்யும் விடுப்பு காற்றில் கரைந்துவிடாது. பெரும்பாலும் அதே குடும்பத்தில் இன்னொருவர் அதை எடுக்க வேண்டியிருக்கும். அந்த இன்னொருவருக்கும் ஒரு மேலாளர் உண்டு, கைவசம் இருக்கும் விடுப்புக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. அந்த இன்னொருவர் பல வீடுகளில் மகளாகவோ மருமகளாகவோ இருப்பதைப் பல வருடங்களாக என் மேசையிலிருந்து பார்த்துவருகிறேன். கோபத்தைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: ‘உன்னால வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமையும் இருக்க முடியுமாக்கா? முடியலைன்னா மாமாகிட்ட கேக்கறேன். அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு எழுதுவேன்.’ இப்படிக் கேட்டால் யார்தான் முடியாது என்பார்கள்?

இரண்டு கடிதங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் நாட்களை எழுதச் சொன்னேன். அவன் அலுவலகத்துக்கு எந்தெந்த நாட்கள் உண்மையிலேயே தேவை? சனி இரவு, ஞாயிறு காலை, திங்கட்கிழமை. மாற்றத்துக்குப் பிறகு வரும் முதல் வேலை நாளில்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள், மறைந்திருந்த கோளாறெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வேண்டும். செவ்வாய்க்கு அவன் கட்டாயம் இல்லை. இளைய ஊழியர் ஒருவர் சமாளிக்கலாம். ஆக, ஆறு நாளில் இரண்டு நாள்தான் போகிறது. ‘முழுவதுமாக ரத்து’ என்று எழுதியது பதற்றத்தில் வந்தது.

சரி, வீட்டுக்கு அவன் எந்த நாளில் தேவை? இந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் எங்கள் இருவருக்குமே எதிர்பாராதது. அறுவை நாளில் மகன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் பாசம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அப்பாவைச் சுற்றி மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் செவிலியர்களும் இருப்பார்கள். குடும்பத்துக்கு அன்று இருக்கும் வேலை காத்திருப்பதும், அம்மாவைத் தனியே விடாமல் இருப்பதும்தான். அன்று மாலையோ மறுநாளோ நடைசட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வைப்பார்கள், அதையும் இயன்முறை மருத்துவர்தான் செய்வார். வலுவான ஓர் ஆள் இல்லாமல் முடியாதது வீட்டுக்குத் திரும்பும் நாள்தான். காரில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், படி ஏற்ற வேண்டும். செவிலியர் இல்லாத முதல் இரவும் அன்றைக்குத்தான். கழிவறை இருக்கையின் உயரம் போதவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவால் அப்பாவின் எடையைத் தாங்க முடியாது, என்னாலும் முடியாது.

அதாவது, அவன் முதலில் போட்டிருந்த விடுப்பைவிட இப்போது மிஞ்சுகிற செவ்வாய் முதல் வெள்ளி வரைதான் அப்பாவுக்கு அதிகம் உதவும். இழந்த இரண்டு நாளை அதற்கு அடுத்த திங்களிலும் செவ்வாயிலும் சேர்த்துவிட்டால் ஆறு நாளும் அப்படியே இருக்கும். எல்லா வீட்டிலும் கணக்கு இவ்வளவு நன்றாகப் பொருந்தாது. பிரசவத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் நாளை நகர்த்த முடியாது. அங்கே பதில் ‘இல்லை மேடம், நான் போகிறேன்’ என்பதாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அம்மாவிடம் முதலில் போனில் பேசிவிடு, பிறகு எழுது என்றேன். செய்தியைக் குரலில் கேட்பதுதான் மரியாதை. எழுத்து எதற்கென்றால், போனில் கேட்ட ஏற்பாடெல்லாம் கவலையில் மறந்துபோகும். எழுதியிருந்தால் அம்மா மாமாவிடம் காட்டலாம், மருத்துவமனையில் எடுத்துப் பார்க்கலாம். பேசிவிட்டு அவன் அனுப்பியது இது:

‘அம்மா, அப்பா,

போன்ல சொன்னதுதான். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்னால வர முடியாது. வழியில வந்துடுவேனோன்னு எதிர்பார்க்க வேண்டாம். திங்கள் ராத்திரி கிளம்பி செவ்வாய் காலையில நேரா ஆஸ்பத்திரிக்கு வர்றேன். அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது நான்தான். அதுக்கடுத்த செவ்வாய் வரைக்கும் வீட்டுல இருப்பேன்.

வெள்ளி சாயங்காலம் அட்மிஷனுக்கு அக்கா வருவா, கேட்டுட்டேன். சனிக்கிழமை முழுக்க அம்மா கூட அக்கா இருப்பா. சனி, ஞாயிறு ராத்திரி அப்பா பக்கத்துல மாமா. திங்கள் ராத்திரி மாமாவால முடியாது. அத்தான் வர்றதா சொல்லியிருக்கார்.

இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் நீல ஃபைல்ல இருக்கு. டிஸ்சார்ஜ் அன்னிக்குப் பணம் கட்டுறதை நான் வந்து பார்த்துக்கறேன், யாரும் அலைய வேண்டாம். டாக்டர் எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாரோ அந்தச் சீட்டு ஃபைல்ல முதல் பக்கம்.

சனிக்கிழமை காலையில ஏழரையிலிருந்து அப்பா ரூமுக்கு வர்ற வரைக்கும் என் போன் கையிலேயே இருக்கும், ஆபீஸ் போனை எடுக்க மாட்டேன். ராத்திரி பத்துக்கு மேல என்னை அழைச்சா எடுக்க முடியாமப் போகலாம். அவசரம்னா அக்காவைக் கூப்பிடுங்க, அவகிட்ட எங்க ஆபீஸ் நம்பர் இருக்கு. எந்த வேலையில இருந்தாலும் எழுப்பிச் சொல்லுவாங்க.

அப்பா, அறைக்குள்ள போறதுக்கு முன்னாடி என்னோட ஒரு நிமிஷம் பேசுங்க.’

மன்னிப்பு என்ற சொல் இதில் இல்லை, கவனித்தீர்களா? போனில் கேட்டுவிட்டான், அது போதும். எழுத்தில் மன்னிப்பு நீளமானால் படிக்கிற அம்மா அவனுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அறுவைக்கு முந்தைய நாளில் அவர் ஆறுதல் வாங்க வேண்டியவர். வேலை எவ்வளவு முக்கியம் என்ற விளக்கமும் இல்லை. அலுவலகக் காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், விரித்துச் சொல்லச் சொல்ல ‘அப்பாவைவிட அதுதான் பெரிதா’ என்ற கேள்வியைத்தான் அது எழுப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வரைவில் இருந்த ‘முயற்சி பண்றேன்’ போய்விட்டது. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் சனிக்கிழமை முழுக்க அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். மாமாவிடமும் உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டார், ‘ஒருவேளை இவன் வந்துட்டான்னா?’ என்று. வர முடியாது என்று தெளிவாகச் சொன்னால்தான் மற்ற ஏற்பாடுகள் நடக்கும்.

அடுத்தது மேலாளருக்கான கடிதம். இங்கே என் வேலை அனுபவம் உதவியது. நான் முதலில் சொன்னது, ‘நான் ரத்து செய்கிறேன்’ என்று தொடங்காதே என்பதுதான். தானாகக் கைவிட்ட விடுப்பும், வேலையின் தேவைக்காக நிறுத்திவைக்கப்பட்ட விடுப்பும் பல நிறுவனங்களின் விதிகளில் வேறு வேறு. முதல் வகை, வருடக் கடைசியில் மீதமிருந்தால் காலாவதியாகலாம். இரண்டாவது வகைக்குத் தனிச் சலுகை இருக்கும். இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு இந்த வேறுபாட்டை அழகாக எழுதிவைத்தது. எடுக்காமல் விட்ட விடுப்பை முப்பது நாள் வரைதான் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்றது. முறைப்படி விண்ணப்பித்தும் நிர்வாகம் மறுத்த விடுப்புக்கு அந்த வரம்பு கிடையாது என்றது. பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு வேலை நேர ஒழுங்குமுறைகள் இன்னொரு பக்கத்திலிருந்து வருகின்றன. விடுப்பை நிறுத்த விரும்பும் நிர்வாகம், குறைந்தது அந்த விடுப்பு எத்தனை நாளோ அத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது அங்கே பொது விதி. இரண்டும் தம்பிக்கு நேரடியாகப் பொருந்துபவை அல்ல. ஆனால் ‘யார் கேட்டு இது நடந்தது’ என்பது பதிவில் இருக்க வேண்டும் என்பதற்கு இவை போதும். குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதினால் போதுமானது.

இரண்டாவது, எதைக் கொடுக்கிறாய், எப்போதுவரை என்று எழுது. ‘எவ்வளவு நேரமானாலும்’ என்பதை மேலாளர் நம்பி அதன்மேல் திட்டம் போட்டுவிடுவார். அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை. மூன்றாவது, பதிலாக என்ன வேண்டும் என்பதை இன்றே கேள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அது சலுகை கேட்பது போல ஆகிவிடும்.

அவன் அனுப்பியது:

‘மேடம், வணக்கம்.

இன்று காலை நாம் பேசியபடி, தரவு மாற்றப் பணிக்காக நீங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், ஒப்புதல் பெற்ற என் விடுப்பில் வெள்ளி, திங்கள் ஆகிய இரண்டு நாட்களை மட்டும் தள்ளிவைக்கிறேன். செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான நான்கு நாட்கள் மாறாது. தள்ளிவைத்த இரண்டு நாட்களை அதற்கடுத்த திங்கள், செவ்வாயில் எடுத்துக்கொள்கிறேன். புதன் பணிக்குத் திரும்புவேன். இதற்கு உங்கள் ஒப்புதலை இந்தக் கடிதத்துக்கான பதிலாகவே தர வேண்டுகிறேன்.

வெள்ளி ஒத்திகை, சனி இரவு 10 முதல் ஞாயிறு காலை மாற்றம் முடியும் வரை, திங்கள் காலை 8 முதல் மாலை 6 வரை நான் பொறுப்பில் இருப்பேன். சனி காலை 7.30 முதல் நண்பகல் வரை என் தந்தையின் அறுவைச் சிகிச்சை நேரம். அப்போது அலுவலக அழைப்புகளை எடுக்க இயலாது. வேலையின்போது வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் என்னிடம் உடனே சொல்லும்படி சனி இரவுக் குழுவுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

திங்கள் மாலை 6 மணிக்குப் பொறுப்பை எடுத்துக்கொள்ள நம் குழுவின் இளைய சக ஊழியரை வெள்ளி முதலே என்னுடன் அமர்த்த வேண்டுகிறேன். சனி இரவு கட்டளைகளை அவரே தட்டச்சு செய்யட்டும். நான் பக்கத்தில் இருந்து சரிபார்க்கிறேன். திங்கள் மாலைக்குள் பெரிய கோளாறு எதுவும் தீராமல் இருந்தால், வெளியிலிருந்து உதவிக்கு யாரை அழைப்பது என்பதை வெள்ளியே முடிவு செய்துகொள்வோம்.

சனி, ஞாயிறு பணிக்கான ஈடுசெய் விடுப்புக்கு முன் ஒப்புதல் தேவை என்பதால் அதையும் இத்துடன் கோருகிறேன்.’

அந்தக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஏற்பாடுதான் இந்தக் கடிதத்தின் உயிர் என்பேன். தெரிந்தவர் செய்து தெரியாதவர் வேடிக்கை பார்த்தால், திங்கள் மாலை அந்த இளையவரால் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. தம்பியின் விடுப்பு மறுபடியும் அவனிடமிருந்து போயிருக்கும், இந்த முறை யாரும் கேட்காமலே.

மேலாளர் அரை மணி நேரத்தில் பதில் எழுதினார். எல்லாவற்றுக்கும் ஒப்புதல், கடைசியில் ‘அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு’ என்று ஒரு வரி.

கடிதத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. விடுப்பு மென்பொருளில் ஒரு விண்ணப்பம் ஒரே துண்டாகத்தான் இருக்கும். பல மென்பொருட்களில் அதிலிருந்து இரண்டு நாளை மட்டும் எடுக்க வழியில்லை. முழுவதையும் ரத்து செய்து புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லும். புதிய விண்ணப்பத்துக்கு ‘இத்தனை நாள் முன்னதாக’ என்ற நிபந்தனை இருந்தால் அதை ஏற்காது. அப்போது ஊழியர் நான்கு நாட்களையும் இழந்து நிற்பார், அதுவும் தன் கையாலேயே. அதனால் நீயாக ரத்துப் பொத்தானை அழுத்தாதே, மேலாளரின் பதிலை இணைத்து மனிதவளப் பிரிவைத் திருத்தச் சொல் என்றேன். பிறகு, மின்னஞ்சலில் போட்டுவைத்திருந்த ‘நான் விடுப்பில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதிலின் தேதியை மாற்ற வேண்டும். இல்லையென்றால் திங்கள் காலை கோளாறு என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம், மருத்துவமனையில் படுத்திருக்கும் மூத்தவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று பதில் போகும். நாள்காட்டியில் மறுத்திருந்த கூட்டங்களில் வெள்ளி, திங்கள் கூட்டங்களை மட்டும் மறுபடி ஏற்க வேண்டும். சின்ன வேலைகள்தான், பத்து நிமிடம் போதும். ஆனால் இவை விட்டுப்போய்த்தான் பலருக்குச் சம்பளம் பிடிக்கப்படுகிறது.

தம்பிக்கும் அது நடக்கத்தான் பார்த்தது. மனிதவளப் பிரிவில் யாரோ முழு விண்ணப்பத்தையும் மூடிவிட்டார்கள். அதனால் செவ்வாய் முதல் அவன் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று விழுந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டால் நான்கு நாள் சம்பளம் போயிருக்கும். அந்த மாத வருகைப்பதிவு பூட்டப்படுவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடு என்று சொல்லிவைத்திருந்தேன். புதன் இரவு அப்பா தூங்கிய பிறகு கைப்பேசியில் பார்த்தான், மேலாளரின் பதிலை மறுபடி அனுப்பினான், வியாழன் மதியம் சரிசெய்துவிட்டார்கள். பூட்டிய பிறகு தெரிந்திருந்தால் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் திரும்பக் கிடைத்திருக்கும்.

சனிக்கிழமை அப்பாவை உள்ளே அழைத்துப் போகும் முன் தம்பியோடு பேச வைத்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, தள்ளி நின்றுகொண்டேன். அறுவை நல்லபடியாக முடிந்தது. காத்திருந்த நேரத்தில் அம்மா அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். ‘செவ்வாய் காலையில நேரா ஆஸ்பத்திரிக்கு’ என்ற வரியை மாமாவிடம் வாய்விட்டே படித்துக் காட்டினார். அன்று இரவு அலுவலகத்தில் ஓர் அட்டவணையில் பழைய சர்வரிலும் புதியதிலும் வரிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லையாம். நகலெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பின்னணி நிரல் நிறுத்தப்படாமல் புதிய வரிகளை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இளையவர்தான் கண்டுபிடித்தார். நிரலை நிறுத்தி, அந்த அட்டவணையை மட்டும் மறுபடி நகலெடுத்து, மூன்று மணிக்குள் ‘தொடரலாம்’ என்று முடிவெடுத்தார்கள்.

திங்கள் மாலை ஐந்தரைக்கு, நான் பயந்தது நடந்தது. ஓர் அறிக்கை மெதுவாக வருகிறது என்று மேலிடத்திலிருந்து ஒருவர், தம்பி செவ்வாயும் இருந்தால் நல்லது என்றாராம். தம்பி பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலாளர், தான் எழுத்தில் ஒப்புக்கொண்ட கடிதத்தை எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, ‘ஆறு மணிக்குப் பொறுப்பு கைமாறுகிறது, அறிக்கையை நாளை எங்கள் இளைய ஊழியர் பார்ப்பார்’ என்று சொல்லியிருக்கிறார். நல்ல மேலாளருக்கும் கையில் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதம் தம்பியைக் காத்த அளவுக்கு அவரையும் காத்தது என்றுதான் நினைக்கிறேன்.

செவ்வாய் காலை அவன் வந்தான். புதன் மதியம் அப்பாவை வீட்டுக்கு அழைத்துவந்தோம். இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்திருந்தார்: படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். அப்பா முதல் படியில் குழம்பி வலது காலைத் தூக்கப் பார்த்தார். ஒரு படி கீழே, அவருக்குப் பின்னால் சாய்வாக நின்று இடுப்பைத் தாங்கியிருந்த தம்பி, ‘இடது மொதல்ல, அப்பா. இடது’ என்றான். அத்தனை படிக்கும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தான். நான் நடைசட்டத்தைத் தூக்கிக்கொண்டு மேலே காத்திருந்தேன். அந்த இடத்தில் நானோ அம்மாவோ நின்று அவரைத் தாங்கியிருக்க முடியாது.

அந்த ஒரு வாரத்தில் அவன் பார்த்ததெல்லாம் கடிதத்தில் எழுத முடியாத வேலைகள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது, கெண்டைக்கால் வீக்கத்தையோ வலியையோ காலையும் மாலையும் பார்ப்பது, தையலில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது, ‘போதும்டா, வலிக்குது’ என்று அப்பா சொன்ன பிறகும் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கச் சொல்வது. இந்தக் கடைசி வேலையை அம்மா செய்திருக்கவே மாட்டார்.

ஈடுசெய் விடுப்பு ஒரு நாள் கிடைத்திருக்கிறது. அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுக்காவிட்டால் போய்விடும். அப்பாவுக்கு ஆறாவது வாரம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த நாளுக்கே விண்ணப்பித்துவிட்டான், மேலாளரும் ஒப்புதல் தந்துவிட்டார். அன்றைக்கு நான் விடுப்பு எடுக்கப் போவதில்லை.